நேரலை அறிவிப்பில் தொடக்க நேரம்: வெளிநாட்டு உறவுகளும் சரியாகப் புரிந்துகொள்ள எப்படி எழுதுவது?

ஊரில் நடக்கும் நிகாஹ், பயான், ஜனாஸா தொழுகை, மதரஸா பட்டமளிப்பு என எதுவாயினும் இன்று நேரலை வைப்பது வழக்கமாகிவிட்டது. வளைகுடாவில் விடுமுறை கிடைக்காதவர்களும், மலேசியா, சிங்கப்பூரில் கடை வைத்திருப்பவர்களும், லண்டன், டொராண்டோ என்று குடும்பத்தோடு போய்விட்டவர்களும் அதைப் பார்த்தே மஜ்லிஸில் சேர்ந்துகொள்கிறார்கள். ஆனால் பல நேரலைகளில் பார்க்க வேண்டியவர்கள் வந்து சேரும்போது துஆ ஓதி முடிந்திருக்கிறது. இணைப்பும் கேமராவும் சரியாகவே இருந்திருக்கும். அறிவிப்பில் நேரம் எழுதப்பட்ட விதம்தான் அவர்களைத் தவற விட்டிருக்கும்.

இதை ஓர் உதாரண அறிவிப்பை வைத்தே பார்ப்போம். நாமக்கல் மாவட்டம், காவிரிக் கரையிலுள்ள மோகனூரில் 2025 அக்டோபர் 26, ஞாயிற்றுக்கிழமை மாலை ஒரு நிகாஹ் மஜ்லிஸ் என்று வைத்துக்கொள்வோம். அக்டோபர் முதல் வாரத்தில் வாட்ஸ்அப்பில் இப்படி ஓர் அறிவிப்பு வருகிறது:

"அஸ்ஸலாமு அலைக்கும். இன்ஷா அல்லாஹ் வரும் 26ஆம் தேதி மஃரிபுக்குப் பின் மோகனூரில் நடைபெறும் நிகாஹ் மஜ்லிஸ் நேரலையாக ஒளிபரப்பாகும். நேரம் 6.30 IST. வெளிநாட்டுச் சகோதரர்கள் தங்கள் நேரத்தைக் கணக்கிட்டுக்கொண்டு கலந்து துஆச் செய்யவும்."

ஊரில் இருப்பவருக்கு இதில் ஒரு குறையும் தெரியாது. வெளியூரில் இருப்பவருக்கோ நான்கு இடங்களில் தடுமாற்றம் வரும். ஒவ்வொன்றாகத் திருத்துவோம்.

1. "மஃரிபுக்குப் பின்" என்பது யாருடைய மஃரிப்?

தொழுகை நேரம் சூரியனை வைத்து வருவது. எனவே ஊருக்கு ஊர் மாறும். அதே அக்டோபர் 26 அன்று மோகனூரில் சூரியன் மறைவது ஏறக்குறைய மாலை 5.55க்கு. சென்னையில் அதற்குப் பத்து நிமிடம் முன்பே மறைந்துவிடும். தமிழ்நாட்டுக்குள்ளேயே இந்த வித்தியாசம் என்றால் கடல் தாண்டினால் என்ன ஆகும்?

கோலாலம்பூரில் அன்று சூரியன் மறைவது அங்குள்ள கடிகாரப்படி ஏறக்குறைய 6.58க்கு. அப்போது மோகனூரில் மாலை 4.28தான். தன் ஊர் மஃரிபை முடித்துவிட்டு நேரலையைத் திறப்பவர் இரண்டு மணி நேரம் வெறும் திரையைப் பார்த்துவிட்டு, ரத்தாகிவிட்டது என்று நினைத்து மூடிவிடுவார். துபாயில் அன்று மறைவு ஏறக்குறைய 5.43. அது நமக்கு 7.13. அங்கிருப்பவர் மஃரிப் தொழுதுவிட்டு வந்தால் ஈஜாப் கபூல் முடிந்து மஜ்லிஸில் தப்ருக் கொடுத்துக்கொண்டிருப்பார்கள். லண்டனில் மறைவதோ அங்கே 4.45 அளவில். நமக்கு அது இரவு 10.15.

ஆகவே நேரலை அறிவிப்பில் தொழுகையின் பெயர் தொடக்க நேரமாக இருக்கக் கூடாது. கடிகார நேரமே தலைமை நேரம். ஊரில் உள்ளவர்களுக்காக மஃரிபைக் குறிப்பிட வேண்டுமானால், "மோகனூரில் மஃரிப் ஜமாஅத் முடிந்ததும்" என்று ஊரின் பெயரோடு இரண்டாவதாக எழுதலாம்.

இதிலேயே இன்னொன்றும் உண்டு. நேரலை எப்போது தொடங்கும், நிகாஹ் எப்போது தொடங்கும் என்பவை இரண்டு நேரங்கள். கேமராவைச் சரிபார்க்கவே கால் மணி நேரம் முன்னதாக ஒளிபரப்பைத் தொடங்குவது வழக்கம். குத்பா ஓதி, ஈஜாப் கபூல் நடந்து, துஆ முடிய அதிக நேரம் ஆகாது. பார்ப்பவர் தவறவிடக் கூடாதது அந்தச் சில நிமிடங்களைத்தான். எனவே "நேரலை 6.15, நிகாஹ் 6.30" என்று இரண்டையும் பிரித்து எழுதுவதே சரி. அயல்நாட்டு நேரப் பட்டியலை நிகாஹ் தொடங்கும் நேரத்துக்கு மட்டும் கொடுத்தால் போதும். இரண்டுக்கும் கொடுத்தால் பட்டியல் நீண்டு, படிப்பவர் வரிசை மாறிப் படித்துவிடுவார்.

2. "வெள்ளி இரவு" என்றால் எந்த இரவு?

நமது உதாரணத்தில் கிழமையே இல்லை. "26ஆம் தேதி" மட்டும்தான் இருக்கிறது. தேதியோடு கிழமையையும் சேர்த்து எழுதினால், ஒன்று தவறாக அச்சாகிவிட்டால் மற்றொன்று காட்டிக்கொடுக்கும். "26 சனிக்கிழமை" என்று வந்திருந்தால் நாட்காட்டியைப் பார்க்கும் ஒருவராவது கேட்டுவிடுவார். தனித் தேதியில் பிழை இருந்தால் யாருக்கும் தெரியாது.

இரவு நிகழ்ச்சிகளில் நம் சமுதாயத்துக்கே உரிய ஒரு சிக்கலும் உண்டு. இஸ்லாமிய நாள் மஃரிபில் தொடங்குகிறது. அதனால் வியாழக்கிழமை சூரியன் மறைந்தபின் வரும் இரவை நம் பெரியவர்கள் "வெள்ளி இரவு" என்பார்கள். ஆங்கில நாட்காட்டியில் பழகிய பிள்ளைகளுக்கோ "வெள்ளி இரவு" என்றால் வெள்ளிக்கிழமை ஜுமுஆ முடிந்து வரும் இரவு. ஒரே சொல்லுக்கு 24 மணி நேர வித்தியாசம். பழைய அழைப்பிதழ்களில் "வியாழன் மாலை வெள்ளி இரவு" என்று இரண்டையும் சேர்த்து எழுதியது இந்தக் குழப்பத்தைத் தவிர்க்கத்தான். நேரலை அறிவிப்பிலும் அந்த வழக்கத்தைத் தொடரலாம். அதோடு ஆங்கிலத் தேதியும் இருக்க வேண்டும்.

பிறைத் தேதியை மட்டும் எழுதுவதும் இப்படித்தான். ஹஜ்ஜின் அரஃபா உரை தமிழ் உட்படப் பல மொழிகளில் நேரலையாக வருவதை நாம் அறிவோம். 2025இல் அரஃபா நாள் சவூதியில் ஜூன் 5, வியாழக்கிழமை. தமிழ்நாட்டில் பெரும்பாலான ஊர்களில் ஹஜ்ஜுப் பெருநாள் ஜூன் 7, சனிக்கிழமை கொண்டாடப்பட்டது. அப்படியானால் அந்த வியாழக்கிழமை இங்கே பிறை 8. "பிறை 9 அன்று அரஃபா உரை நேரலை" என்று எழுதினால், உள்ளூர்ப் பிறைக் கணக்கில் இருப்பவர் மறுநாள் வெள்ளிக்கிழமைதான் தொலைக்காட்சி முன் உட்காருவார். பிறையைக் குறிப்பிடுவதில் தவறில்லை. ஆனால் தேதியும் கிழமையும் அதன் முன்னால் வர வேண்டும்.

3. "6.30 IST" ஏன் போதாது?

முதலாவது, 6.30 காலையா மாலையா என்று சொல்லவில்லை. ஊரில் "மஃரிபுக்குப் பின்" என்பதை வைத்துப் புரிந்துகொள்ளலாம். அந்த வரியை வெட்டிவிட்டு இணைப்பையும் நேரத்தையும் மட்டும் அனுப்புபவர்கள் அதிகம். நேரம் எழுதும்போதெல்லாம் "மாலை", "இரவு", "அதிகாலை" என்ற சொல் அதனுடனேயே இருக்க வேண்டும்.

இரண்டாவது, IST என்ற எழுத்துகள் நமக்கு மட்டும் சொந்தமில்லை. அயர்லாந்தின் கோடை நேரத்துக்கும், இஸ்ரேல் நேரத்துக்கும் அதே மூன்றெழுத்துதான். அயர்லாந்தில் வேலை பார்க்கும் செவிலியர் ஒருவர் அதைத் தன் நேரமாக எடுத்துக்கொண்டால் அவர்மீது குற்றமில்லை. "இந்திய நேரம்" என்று முழுதாக எழுதிவிட்டால் பிரச்சினை தீர்ந்தது. இலங்கை உறவுகளுக்குத் தனி வரி தேவையில்லை. 2006 முதல் அங்கும் இந்திய நேரமே. "இந்தியா, இலங்கை நேரம்" என்று சேர்த்தே எழுதலாம்.

மூன்றாவது, "தங்கள் நேரத்தைக் கணக்கிட்டுக்கொண்டு" என்ற வரி. இதுதான் அதிகம் பிழை வரும் இடம். நம் நேரம் உலகப் பொது நேரத்தைவிட ஐந்தரை மணி நேரம் முன்னால் இருக்கிறது. அந்த அரை மணி நேரத்தைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள். சவூதிக்கும் நமக்கும் இரண்டரை மணி நேரம். அமீரகத்துக்கும் ஓமனுக்கும் ஒன்றரை மணி நேரம். மலேசியா, சிங்கப்பூர் நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னால். மலேசியாவில் நெடுநாள் இருந்து திரும்பிய முதியவர்கள் "இரண்டு மணி நேரம்தான்" என்பார்கள். அவர்கள் இருந்த காலத்தில் அது சரி. மலாயாத் தீபகற்பமும் சிங்கப்பூரும் 1982 ஜனவரியில்தான் கடிகாரத்தை அரை மணி நேரம் முன்னால் தள்ளின.

கணக்கு சரியா என்று பார்க்க எளிய சோதனை ஒன்று உண்டு. நம் நேரம் அரை மணியில் முடிந்தால் வளைகுடா, மலேசியா, லண்டன், டொராண்டோ எல்லாவற்றிலும் அது முழு மணியாக வர வேண்டும். நம் நேரம் முழு மணியாக இருந்தால் அங்கே அரை மணியில் முடிய வேண்டும். 6.30க்கு "சவூதி 4.30" என்று யாராவது எழுதியிருந்தால், கூட்டிக் கழித்துப் பார்க்காமலேயே தவறு என்று சொல்லிவிடலாம். அதனால் அழைப்பவரே கணக்குப் போட்டுப் பட்டியலாகக் கொடுப்பது நல்லது. ஒருவர் ஒருமுறை சரிபார்த்தால் நூறு பேர் தனித்தனியாகத் தவறு செய்வது நின்றுவிடும்.

4. கடிகாரத்தை மாற்றும் நாடுகள்

வளைகுடா நாடுகளும் மலேசியா, சிங்கப்பூரும் ஆண்டு முழுவதும் ஒரே நேரத்தில் இருக்கின்றன. பிரிட்டன், ஐரோப்பா, வட அமெரிக்கா, ஆஸ்திரேலியாவின் சில மாநிலங்கள் அப்படியல்ல. கோடைக்கு ஒரு மணி நேரம் முன்னால் தள்ளி, குளிர்காலத்தில் திருப்பி வைக்கிறார்கள். பிரிட்டனில் மார்ச் கடைசி ஞாயிறும் அக்டோபர் கடைசி ஞாயிறும் மாற்ற நாட்கள். அமெரிக்காவிலும் டொராண்டோவிலும் மார்ச் இரண்டாவது ஞாயிறும் நவம்பர் முதல் ஞாயிறும்.

நமது உதாரணத்தின் தேதியைக் கவனியுங்கள். 2025 அக்டோபர் 26 அக்டோபரின் கடைசி ஞாயிறு. அன்று அதிகாலைதான் லண்டன் கடிகாரம் ஒரு மணி நேரம் பின்னால் போனது. அறிவிப்பு எழுதப்பட்ட அக்டோபர் முதல் வாரத்தில் நமக்கும் லண்டனுக்கும் வித்தியாசம் நான்கரை மணி நேரம். அன்றைய கணக்கில் போட்டால் மாலை 6.30க்கு லண்டனில் பிற்பகல் 2.00 என்று வரும். நிகாஹ் நாளிலோ வித்தியாசம் ஐந்தரை மணி நேரம். சரியான நேரம் பிற்பகல் 1.00. பட்டியலை நம்பி 2 மணிக்கு வருபவருக்கு மஜ்லிஸ் கலைந்த மண்டபம்தான் தெரியும்.

டொராண்டோவில் அந்த ஞாயிறு இன்னும் மாற்றம் வரவில்லை. அங்கே நவம்பர் 2இல்தான் மாறியது. அதனால் அக்டோபர் 26 அன்று காலை 9.00. நிகாஹ் ஒரு வாரம் தள்ளிப்போய் நவம்பர் 2 ஆகியிருந்தால் காலை 8.00 ஆகியிருக்கும். லண்டனோ அதே பிற்பகல் 1.00இல் இருந்திருக்கும்.

இதிலிருந்து ஒரே விதிதான்: வித்தியாசத்தை அறிவிப்பு எழுதும் நாளில் பார்க்கக் கூடாது, நிகழ்ச்சி நாளுக்குப் பார்க்க வேண்டும். நேரம் மாற்றிக் காட்டும் தளங்களில் நேரத்தோடு தேதியையும் கொடுக்க இடம் இருக்கும். அதில் நிகழ்ச்சித் தேதியை இட்டுப் பாருங்கள். கைப்பேசியின் உலகக் கடிகாரம் இந்த வேலைக்கு ஆகாது. அது இந்த நிமிட வித்தியாசத்தை மட்டுமே காட்டும். அறிவிப்பு எழுதும் நாளுக்கும் நிகழ்ச்சிக்கும் இடையில் மார்ச் அல்லது அக்டோபர், நவம்பர் ஞாயிறுகள் ஏதேனும் விழுந்தால் அந்த ஊர்களை இரண்டாவது முறையும் சரிபார்க்க வேண்டும்.

பட்டியலில் நாட்டின் பெயரைவிட ஊரின் பெயரே நல்லது. ஆஸ்திரேலியாவில் சிட்னியும் மெல்போர்னும் கடிகாரத்தை மாற்றுகின்றன, பிரிஸ்பேன் மாற்றுவதில்லை. நம் 6.30க்கு பிரிஸ்பேனில் இரவு 11.00. சிட்னியில் நள்ளிரவு சரியாக 12.00, அதாவது ஞாயிறு முடிந்து 27 திங்கள் பிறக்கும் நேரம். "26 இரவு 12 மணி" என்று எழுதினால் ஒரு நாள் முன்னதாகவே, சனி நள்ளிரவில் விழித்திருப்பவர்களும் உண்டு. நள்ளிரவை ஒட்டி வரும் நேரத்துக்கு இரண்டு பக்கக் கிழமையையும் எழுதிவிடுங்கள்.

திருத்திய அறிவிப்பு

இவற்றையெல்லாம் வைத்து அந்த அறிவிப்பை மறுபடியும் எழுதினால் இப்படி வரும்:

"அஸ்ஸலாமு அலைக்கும். இன்ஷா அல்லாஹ் மோகனூரில் நடைபெறும் நிகாஹ் மஜ்லிஸின் நேரலை.

நாள்: 2025 அக்டோபர் 26, ஞாயிற்றுக்கிழமை
நிகாஹ் தொடக்கம்: மாலை 6.30, இந்திய நேரம் (மோகனூரில் மஃரிப் ஜமாஅத்துக்குப் பின்)
நேரலை கால் மணி நேரம் முன்னதாகத் தொடங்கும்.

நிகாஹ் தொடங்கும்போது உங்கள் ஊரில்:
இலங்கை: ஞாயிறு மாலை 6.30
சவூதி, குவைத், கத்தார், பஹ்ரைன்: ஞாயிறு மாலை 4.00
துபாய், ஷார்ஜா, மஸ்கட்: ஞாயிறு மாலை 5.00
மலேசியா, சிங்கப்பூர், புருனே: ஞாயிறு இரவு 9.00
லண்டன்: ஞாயிறு பிற்பகல் 1.00 (அன்று அதிகாலை கடிகாரம் மாறிய பிறகு)
டொராண்டோ, நியூயார்க்: ஞாயிறு காலை 9.00
சிட்னி, மெல்போர்ன்: ஞாயிறு முடிந்து திங்கள் பிறக்கும் நள்ளிரவு 12.00

அனைவரும் கலந்துகொண்டு மணமக்களுக்காக துஆச் செய்யவும்."

உங்கள் குடும்பத்தில் யார் யார் எங்கே இருக்கிறார்களோ அந்த ஊர்கள் மட்டும் இருந்தால் போதும். உலகம் முழுவதையும் எழுத வேண்டியதில்லை.

பட்டியல் தயாரானதும் அதை இன்னொரு பயனுக்கும் பாருங்கள். துபாயில் நிகாஹ் தொடங்குவது மாலை 5.00, அங்கே அன்று மஃரிப் 5.43 அளவில். மஜ்லிஸ் அரை மணி நேரம் இழுத்தாலும் அவர்கள் பார்த்துவிட்டுத் தொழப் போகலாம். நாம் 7.00க்குத் தொடங்கினால் அங்கே 5.30. நிகாஹ் நடந்துகொண்டிருக்கும்போதே பாங்கு சொல்லிவிடும். ஊர் ஜமாஅத்தோடு பேசும்போதே இதைக் கவனித்தால் நேரத்தைச் சற்று முன்பின் வைத்துக்கொள்ளலாம்.

இணைப்பும் படமும்

யூடியூபில் முன்கூட்டியே நேரம் குறித்து வைத்த நேரலையின் இணைப்பைத் திறந்தால், பார்ப்பவரின் கைப்பேசி எந்த ஊர் நேரத்தில் இருக்கிறதோ அந்த நேரத்திலேயே தொடக்கம் காட்டப்படும். படமாகச் செய்த அறிவிப்புக்கு அந்த வசதி கிடையாது. அதனால் படத்தோடு இணைப்பையும் கண்டிப்பாக அனுப்புங்கள்.

ஆனால் நேரம் குறிப்பவர் யார் என்பதைப் பார்த்துக்கொள்ள வேண்டும். குடும்பத்தின் யூடியூப் கணக்கைத் துபாயில் இருக்கும் மாப்பிள்ளையின் அண்ணன் கையாண்டால், அவருடைய கணினி துபாய் நேரத்தில் இருக்கும். "6.30" என்று நாம் சொன்னதை அவர் அப்படியே இட்டால், நேரலை நம் கணக்கில் இரவு 8.00க்குக் குறிக்கப்பட்டிருக்கும். எனவே அவரிடம் "உங்கள் நேரம் 5.00" என்றே சொல்ல வேண்டும். குறித்த பிறகு மோகனூரில் உள்ள ஒருவர் இணைப்பைத் திறந்து 6.30 அல்லது 6.15 என்று காட்டுகிறதா எனப் பார்த்துச் சொன்னபின் பொதுவில் பகிருங்கள். இன்னொரு நாட்டில் இருக்கும் ஒருவரும் பார்த்து, தன் திரையில் வரும் நேரமும் பட்டியலில் உள்ள நேரமும் ஒன்றா என்று சொல்லிவிட்டால் போதும். இரண்டும் ஒன்றாக இல்லையென்றால் பட்டியலோ குறித்த நேரமோ பிழை.

நேரம் மாறினால்

மழை, மின்தடை, மாப்பிள்ளை வீட்டார் வரத் தாமதம் என்று நேரம் தள்ளிப்போவது உண்டு. அப்போது "ஒரு மணி நேரம் தாமதம்" என்று ஒரு வரி அனுப்புவது ஆபத்து. முதல் செய்தியைப் பார்க்காதவருக்கு எதிலிருந்து ஒரு மணி நேரம் என்று தெரியாது. அது இரண்டு குழுக்களில் சுற்றி வந்தால், ஏற்கெனவே திருத்திய நேரத்தோடு மறுபடியும் ஒரு மணி நேரம் கூட்டிவிடுவார்கள். "இன்று", "நாளை", "இன்னும் இருபது நிமிடத்தில்" என்ற சொற்களும் பகிரப்பட்ட மறுகணமே பழையதாகிவிடும். சிட்னியில் படிப்பவருக்கு "இன்று" என்பது வேறு நாளாகவே இருக்கலாம்.

புதிய நேரத்தை முழுப் பட்டியலோடு புதிதாக எழுதி, மேலே "திருத்திய நேரம்" என்றும், பழைய நேரம் எது என்றும் ஒரு வரியில் போடுங்கள். பழைய படத்தைக் குழுவிலிருந்து அழிக்க முடிந்தால் அழித்துவிடுங்கள். நேரலை இணைப்பிலும் நேரத்தை மாற்ற மறக்க வேண்டாம். படத்தில் ஒன்றும் இணைப்பில் ஒன்றும் இருந்தால் வெளிநாட்டில் இருப்பவர் எதை நம்புவார் என்று சொல்ல முடியாது.